மெஷின் லோன் கேட்டால் வங்கி போடும் கணக்கு: டிஎஸ்சிஆர் முழு வழிகாட்டி

சிறு தொழிலுக்கு மெஷின் வாங்க டேர்ம் லோன் கேட்டு வங்கிக்குப் போனால், பேச்சு பெரும்பாலும் சிபில் ஸ்கோரிலும் அடமானச் சொத்திலும்தான் ஆரம்பிக்கும். அதனாலேயே பலரும் சொத்துப் பத்திரம் கையில் இருந்தால் லோன் உறுதி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கிரெடிட் ஆபீசர் தன் மேஜையில் உட்கார்ந்து எழுதும் குறிப்பில் முடிவைத் தீர்மானிப்பது வேறொரு எண். அதற்கு டிஎஸ்சிஆர் என்று பெயர். கடனுக்கு ஒரு வருடத்தில் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் எவ்வளவு, அதைக் கட்ட அந்தத் தொழிலில் அந்த வருடம் எவ்வளவு பணம் மிஞ்சும், இரண்டாவது முதலாவதைப் போல எத்தனை மடங்கு என்பதே அது.

வரப்போகும் வருடங்களின் வரவு செலவைக் கணித்து ஆடிட்டர் தயாரித்துத் தரும் சிஎம்ஏ அறிக்கையில் இந்த எண் ஏற்கெனவே இருக்கும். பெரும்பாலும் அழகாக 2.5, 3 என்று இருக்கும். வங்கி அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தன் கையால் மறுபடியும் கணக்குப் போடும். அந்த இரண்டாவது கணக்கை நீங்களே முதலில் போட்டுப் பார்த்துவிட்டு மனுக் கொடுப்பது எப்படி என்பதைக் கோவையின் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வங்கி ஏற்கும் விலை, செலவு எல்லாம் ஊருக்கும் வேலைக்கும் தகுந்தபடி மாறும்.

முதலில் சூத்திரம்

இந்திய வங்கிகள் டேர்ம் லோனுக்குப் பொதுவாகப் போடும் கணக்கு இது:

டிஎஸ்சிஆர் = (வரி போன நிகர லாபம் + தேய்மானம் + டேர்ம் லோன் வட்டி) ÷ (அந்த வருட அசல் தவணை + டேர்ம் லோன் வட்டி)

தேய்மானத்தை ஏன் திரும்பக் கூட்டுகிறார்கள் என்றால், அது கணக்கில் எழுதப்படும் செலவு மட்டுமே. அந்த வருடம் யாருக்கும் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. வட்டியைக் கூட்டுவதற்குக் காரணம், லாபத்தைக் கண்டுபிடிக்கும்போது அதை ஒருமுறை கழித்தாகிவிட்டது, கீழே கட்ட வேண்டியதில் மறுபடியும் வருகிறது என்பதுதான். அன்றாடப் புழக்கத்துக்கு வங்கி தரும் சிசி கணக்கின் வட்டியை இங்கே மேலேயும் கூட்டுவதில்லை, கீழேயும் சேர்ப்பதில்லை. அது அன்றாடச் செலவாகக் கருதப்பட்டு லாபத்திலேயே கழிந்துவிடும்.

எண் 1 என்றால் சம்பாதித்த அத்தனையும் தவணைக்கே போய்விடுகிறது, கையில் ஒன்றும் மிஞ்சாது. பல வங்கிகளின் கடன் கொள்கையில் கடன் காலம் முழுவதற்குமான சராசரி 1.5 இருக்க வேண்டும், எந்த ஒரு வருடத்திலும் 1.2க்குக் கீழே போகக்கூடாது என்பது போன்ற வரம்பு இருக்கும். வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் மாறும். உங்கள் கிளையில் என்ன வரம்பு என்று நேரடியாகவே கேட்கலாம், சொல்வார்கள்.

நம் பட்டறை

கோவை கணபதி பக்கம் தனிநபர் உரிமையில் நடக்கும் ஒரு சிறு பட்டறை. லேத், மில்லிங் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார்கள். போன வருட விற்றுமுதல் 84 லட்சம், நிகர லாபம் 6.6 லட்சம், தேய்மானம் 2.4 லட்சம். ஆக, தொழிலில் வந்த ரொக்கம் 9 லட்சம். இப்போது 32 லட்சத்துக்கு விஎம்சி எனப்படும் கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். உரிமையாளர் 8 லட்சம் மார்ஜின் போடுகிறார், வங்கியிடம் கேட்பது 24 லட்சம். ஐந்து வருடம், 11 சதவீதம், மாதம் 40,000 அசல், வட்டி தனியாக.

அப்படியானால் முதல் வருடம் கட்ட வேண்டியது அசல் 4.8 லட்சம், வட்டி சுமார் 2.4 லட்சம், மொத்தம் 7.2 லட்சம்.

படி 1: மெஷின் எவ்வளவு சம்பாதிக்கும்

சிஎம்ஏவில் உரிமையாளரின் கணக்கு இப்படி இருக்கிறது. இரண்டு ஷிப்ட், நாளுக்கு 20 மணி நேரம், மாதம் 26 நாள், மணிக்கு 450 ரூபாய். மாத வருமானம் 2.34 லட்சம். ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், டூல்ஸ் எல்லாம் சேர்த்து 1.04 லட்சம் போக மாதம் 1.3 லட்சம் மிஞ்சும், வருடத்துக்கு 15.6 லட்சம். பழைய 9 லட்சத்தோடு சேர்த்தால் 24.6 லட்சம். வருமான வரிக்குச் சுமார் 1.1 லட்சம் போனாலும் டிஎஸ்சிஆர் 3.2க்கு மேலே நிற்கிறது.

கிரெடிட் ஆபீசர் இதைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: அந்த மெஷினில் 20 மணி நேரம் சிப் பறக்குமா? செட்டிங் போட, இன்செர்ட் மாற்ற, முதல் பீஸ் அளவு பார்க்க, மெட்டீரியல் வராமல் காத்திருக்க என்று எவ்வளவோ நேரம் போகும். இரவு ஷிப்டுக்கு ஆபரேட்டர் நிரந்தரமாகக் கிடைப்பதும் அவ்வளவு எளிதில்லை. அவர் 14 மணி நேரம், 25 நாள், மணிக்கு 400 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறார். மாதம் 350 மணி நேரம், 1.4 லட்சம் வருமானம். செலவை அந்த அளவுக்குக் குறைக்க முடியாது, ஏனென்றால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு ஆபரேட்டர்களுக்கும் 44,000 கொடுத்தே ஆக வேண்டும். கரண்டுக்கு 20,000, டூல்ஸ், கூலன்ட், பராமரிப்புக்கு 26,000. மொத்தம் 90,000 போக 50,000 மிச்சம். வருடத்துக்கு 6 லட்சம்.

15.6 லட்சம் 6 லட்சமாகிவிட்டது. மணி நேரத்தையும் விலையையும் சேர்த்துப் பார்த்தால் வருமானத்தில் 40 சதவீதம்தான் குறைத்தார். செலவு அதே வேகத்தில் குறையாததால் மிச்சம் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டது. சிறு தொழில் மனுக்களில் டிஎஸ்சிஆர் சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த வெட்டைத் தடுக்க வாதம் உதவாது, காகிதம் உதவும். தற்போதைய வாடிக்கையாளர்களிடமிருந்து மணிக்கு இவ்வளவு என்று விலை குறிப்பிட்ட ஆர்டரோ கடிதமோ இருந்தால் 450 ரூபாயை ஆபீசர் ஏற்றுக்கொள்ளலாம். இப்போது விஎம்சி வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் அந்த பில்களே மிகச் சிறந்த சான்று. அந்தச் செலவு நாளை உங்களிடமே தங்கும் என்பதைப் புதிய ஆர்டர் எதுவும் இல்லாமலே அவை காட்டிவிடும்.

படி 2: பழைய லாபம் உண்மையா

போன வருடத்து 9 லட்சத்தையும் சோதிப்பார்கள். லாப நட்டக் கணக்கில் உள்ள விற்றுமுதல் ஜிஎஸ்டிஆர்-3பி கணக்கோடு பொருந்துகிறதா, வங்கிக் கணக்கில் வந்த வரவோடு ஓரளவாவது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஜாப் ஒர்க் என்றால் 26ஏஎஸ் என்ற வருமான வரி அறிக்கையில் டிடிஎஸ் பதிவு இருக்கும், அதிலிருந்தும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியும். அனுபவமுள்ள ஆபீசர் பட்டறையின் கரண்ட் பில்லையும் கேட்பார். மெஷின் ஓடியதற்கு யூனிட் சாட்சி. விற்றுமுதல் கூடிய வருடத்தில் யூனிட் குறைந்திருந்தால் விளக்கம் கேட்காமல் விடமாட்டார்கள்.

இன்னொரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரி மிச்சமாகட்டும் என்று வருடக்கணக்கில் லாபத்தைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு அந்தக் கணக்கின் விலை இந்த மேஜையில்தான் தெரியவரும். “நிஜத்தில் இதைவிட அதிகம் வருது சார்” என்பதை ஆபீசர் நம்பினாலும் எழுத முடியாது. அவர் எழுதும் குறிப்புக்கு ஆதாரம் உங்கள் ரிட்டர்ன்தான். உத்தேச வருமான முறையில், விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று ரிட்டர்ன் போட்டு வருபவர்களுக்கு இன்னொரு நட்டமும் உண்டு. அந்த முறையில் தேய்மானம் தனியாகக் காட்டப்படுவதில்லை என்பதால், மேலே திரும்பக் கூட்ட ஒன்றும் இருக்காது. மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே முறையான கணக்குப் புத்தகத்துக்கு மாறுவது பற்றி ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

நம் பட்டறையில் எல்லாம் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 9, புதிய 6, ஆக 15 லட்சம். இந்த அளவில் வரிக்குட்பட்ட லாபம் 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால், வேறு வருமானம் இல்லாதவரைக்கும் 2025-26 முதலான புதிய வரி முறையில் வருமான வரி வராது.

படி 3: வீட்டுச் செலவும் வெளிக் கடனும்

தனிநபர் தொழிலில் உரிமையாளருக்குச் சம்பளம் என்று செலவு எழுதுவதில்லை. லாபத்திலிருந்துதான் வீட்டுக்கு எடுக்கிறார். மாதம் 40,000 என்றால் வருடம் 4.8 லட்சம். சிஎம்ஏவில் இதைக் கழித்திருக்கமாட்டார்கள். வங்கியில் பலரும் கழித்துப் பார்ப்பார்கள், நியாயமும் அதுதான். தவணை கட்டிவிட்டுக் குடும்பம் பட்டினி கிடக்காது. கம்பெனியாக இருந்தால் இயக்குநர் சம்பளம் ஏற்கெனவே செலவில் இருக்கும், அதனால் இந்தப் பிரச்சினை வராது. 15 லட்சத்தில் 4.8 போக மிச்சம் 10.2 லட்சம்.

அடுத்தது சிபில் அறிக்கை. உரிமையாளர் பெயரில் ஒரு கார் லோன் ஓடுகிறது, மாதம் 12,500, இன்னும் மூன்று வருடம் பாக்கி. தொழில் கணக்கில் அது இல்லை, ஆனால் கட்டப்போவது அதே பணத்திலிருந்து. வருடம் 1.5 லட்சம் கீழே சேர்கிறது. முதல் வருடம் கட்ட வேண்டியது 8.7 லட்சமாகிறது.

10.2 ÷ 8.7 = 1.17.

சிஎம்ஏவில் 3.2 என்று இருந்தது 1.17 ஆகிவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் எதிர்பார்ப்பை வைத்துப் போட்டார், மற்றவர் கடன் திரும்பி வரவேண்டும் என்பதை வைத்துப் போட்டார்.

படி 4: சராசரி மறைப்பதை வருடவாரியாகப் பார்ப்பது

வருமானம் ஐந்து வருடமும் அதே அளவில் நிற்கிறது என்று வைத்தால் கணக்கு இப்படி வரும். எண்கள் லட்சத்தில்:

| வருடம் | மிச்சம் | அசல் | வட்டி | கார் | டிஎஸ்சிஆர் |
|---|---|---|---|---|---|
| 1 | 10.2 | 4.8 | 2.40 | 1.5 | 1.17 |
| 2 | 10.2 | 4.8 | 1.87 | 1.5 | 1.25 |
| 3 | 10.2 | 4.8 | 1.34 | 1.5 | 1.34 |
| 4 | 10.2 | 4.8 | 0.81 | 0 | 1.82 |
| 5 | 10.2 | 4.8 | 0.29 | 0 | 2.00 |

ஐந்து எண்களின் சராசரி 1.5ஐத் தொட்டுவிடுகிறது. ஆனால் கடன் கெட்டுப்போவது ஐந்தாம் வருடத்தில் இல்லை. மெஷின் புதிது, ஆபரேட்டர் புதிது, ஆர்டர் இன்னும் பழகவில்லை, வட்டி மிக அதிகம். இத்தனையும் ஒன்றுகூடும் முதல் வருடத்தில்தான் 1.17 இருக்கிறது. சராசரியைக் காட்டி “சரியாத்தானே இருக்கு” என்று வாதாடுவதில் பயனில்லை. மொத்த வரவை மொத்தக் கட்டணத்தால் வகுத்துச் சராசரி காணும் வங்கியும் உண்டு, அப்படிப் போட்டால் 1.45தான் வரும்.

படி 5: அடித்துப் பார்ப்பது

இதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. விலையைக் குறைத்து, செலவை ஏற்றி, வட்டியை ஏற்றி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். நம் பட்டறையில் மணிக்கு 400 என்பது 360 ஆனால் மாதம் 14,000 குறையும், வருடம் 1.68 லட்சம். மிச்சம் 8.52, கட்ட வேண்டியது 8.7. டிஎஸ்சிஆர் 0.98. மணிக்கு நாற்பது ரூபாய் குறைந்தால் தவணைக்குக் கையிலிருந்து போட வேண்டும் என்று அர்த்தம். வேலை குறைந்த மாதங்களில் பக்கத்துப் பட்டறைக்காரர் விலையைக் குறைத்து ஆர்டர் எடுப்பது கோவையில் புதிய விஷயம் இல்லை. ஆகவே இந்தச் சோதனையை வீண் பயமென்று ஒதுக்க முடியாது.

வட்டியும் அப்படித்தான். குறு, சிறு தொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டுள்ளன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4லிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. அதே 2.5 சதவீத ஏற்றம் நம் கடனுக்கு வந்தால் முதல் வருட வட்டி சுமார் 55,000 கூடும், 1.17 என்பது 1.10 ஆகும்.

படி 6: எண்ணைச் சரிசெய்வது

இந்த நிலையில் நிறையப் பேர் செய்வது, விற்றுமுதலை இன்னும் ஏற்றி இன்னொரு சிஎம்ஏ வாங்கி வருவது. அதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு வாரத்தில் ஒரே பட்டறையின் கணிப்பு மாறினால் முதல் கணிப்பின் மீதிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். மேல் எண்ணை விட்டுவிட்டுக் கீழ் எண்ணைத் தொடுங்கள்.

மிக எளிய வழி தவணை முறையை மாற்றுவது. மாதம் 40,000 அசல், வட்டி தனி என்பதற்குப் பதிலாக அதே ஐந்து வருடத்துக்குச் சம இஎம்ஐ என்றால் மாதம் சுமார் 52,200, வருடம் 6.26 லட்சம். காரோடு சேர்த்து 7.76. டிஎஸ்சிஆர் 1.31 ஆகிறது. மொத்த வட்டி சுமார் 60,000 மட்டுமே கூடுகிறது. இதைக் கேட்காமலே விட்டுவிடுபவர்கள் அதிகம்.

அடுத்து, காலத்தை ஏழு வருடமாக்குவது. பழைய முறையிலேயே அசல் வருடம் 3.43 லட்சமாகக் குறையும், முதல் வருடம் மொத்தம் 7.4 லட்சம், டிஎஸ்சிஆர் 1.38. ஆனால் மொத்த வட்டி ஏறக்குறைய 2.6 லட்சம் கூடுதலாகப் போகும். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு இந்த வழிக்குப் போகலாம்.

கார் லோனை அடைத்துவிடுவது மூன்றாவது வழி. பாக்கி சுமார் 3.9 லட்சம் இருக்கும். அடைத்தால் 10.2 ÷ 7.2, அதாவது 1.42. கணக்கில் இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அந்த 3.9 லட்சத்தைத் தொழிலில் புழங்கும் பணத்திலிருந்து எடுத்தால் அடுத்துச் சொல்லப்போகும் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். தனியாக எஃப்டியோ நகையோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

தவணை விடுப்புக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் கேட்டால் முதல் வருட அசல் பாதியாகி எண் நன்றாகத் தெரியும். பொதுவாக அந்தக் காலத்திலும் வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டும். மெஷின் வந்து, லோடு கூட்ட மின்வாரியத்தில் அனுமதி வாங்கி, முதல் பில் பணமாக வரும்வரை எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்து, அதற்கு மட்டும் கேளுங்கள்.

டிஎஸ்சிஆர் காட்டாத பணம்

இந்த எண்ணுக்கு ஒரு பெரிய குறை உண்டு. இது லாபத்தைப் பார்க்கிறது, வசூலைப் பார்ப்பதில்லை. புதிய மெஷினால் வருடம் 16.8 லட்சம் கூடுதலாக பில் போடுகிறீர்கள், பார்ட்டி 90 நாள் கழித்துத்தான் கொடுக்கிறார் என்றால் எப்போதும் 4.2 லட்சம் வெளியில் நிற்கும். லாபக் கணக்கில் அது வந்த பணம், பேங்க் கணக்கில் வராத பணம். தவணை தேதி மட்டும் முப்பது நாளுக்கு ஒருமுறை வந்துவிடும். மெஷினுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 5.76 லட்சமும் இதே போலத்தான். உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பல வங்கிகள் அதைத் திட்டச் செலவில் சேர்ப்பதில்லை, ஆனால் வாங்கும் அன்றே அந்தத் தொகையை எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். கழித்து முடிக்க மாதங்கள் ஆகும்.

1.38 இருந்தும் மூன்றாவது மாதமே தவணை தவறும் பட்டறைகள் பெரும்பாலும் இப்படித்தான் தவறுகின்றன. வரவேண்டிய பணம் வரும், ஆனால் தேதிக்கு வராது. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்போது டிஎஸ்சிஆர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் டேர்ம் லோன் மனுவோடு சேர்த்தே சிசி வரம்பை உயர்த்தக் கேளுங்கள். சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதம் என்பது வங்கிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு. கூடுதல் 16.8 லட்சத்துக்குச் சுமார் 3.4 லட்சம் வரும். அதன் வட்டி லாபத்தில் கழியும், டிஎஸ்சிஆர் துளி குறையும். பரவாயில்லை, அந்தச் சிறு குறைவை ஏற்றுக்கொள்ளலாம்.

மனுவோடு ஒரு தனித் தாளில் மேலே சொன்ன அட்டவணையை உங்கள் எண்களோடு போட்டு வையுங்கள். வீட்டுச் செலவு கழித்தது, வெளிக் கடன் சேர்த்தது, மணி நேர விலை பத்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். ஆபீசர் அதைத் திருத்துவார், கேள்வி கேட்பார். ஆனால் பேச்சு அப்போது உங்கள் 14 மணி நேரம் நியாயமா, 15 மணி நேரம் நியாயமா என்ற இடத்திலிருந்து தொடங்கும். 3.2லிருந்து கீழே இறங்கி வர வேண்டியிருக்காது.